பெரிய கீர்த்தி, சின்ன கீர்த்தி: இரட்டையர் ஒப்பீடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காலாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள் கொடுத்த அன்று மதியம், பள்ளிக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு விடைத்தாள் நான்காகக் கிழிந்து மிதந்தது. தாள் கீர்த்தனாவுடையது. கிழித்தவள் அவளோடு பிறந்த கீர்த்திகா. இருவருக்கும் ஒன்பது வயது, நான்காம் வகுப்பு, ஒரே பிரிவு. வகுப்பாசிரியை எழுதிக் கொடுத்த சீட்டோடு அம்மா, பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் என்னிடம் வந்தார். சீட்டில் கீர்த்திகாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. “சின்னவளுக்குப் பொறாமை. அதுக்கு ஏதாவது செய்யணும் மேடம்” என்றார்.

பெயர்கள் நான் வைத்தவை. அடையாளம் தெரியாதிருக்க, இதே மாதிரியான இன்னொரு குடும்பத்தின் விவரங்கள் சிலவற்றையும் கலந்திருக்கிறேன். பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் பாதித் தொல்லை அங்கிருந்துதான் வந்தது. தெருவில் இருவருமே ‘கீர்த்தி’. பிரித்துச் சொல்லவேண்டி வந்தால் பெரிய கீர்த்தி, சின்ன கீர்த்தி. பள்ளி வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த எண்கள். எந்தத் தேர்வானாலும் ஆசிரியை மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்துத் தாளைக் கொடுக்கும்போது ஒருத்தியின் எண் காதில் விழுந்த கையோடு மற்றவளின் எண் விழும். நாற்பது பிள்ளைகள் அதற்காகவே திரும்பிப் பார்ப்பார்கள். வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த வகுப்பில் இப்படி ஒரு நிரந்தர ஜோடி கிடையாது.

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் வித்தியாசம் மூன்று நிமிடம். அதுவும் அறுவைப் பிரசவம். மருத்துவரின் கைக்கு முதலில் அகப்பட்டவள் அக்காவானாள். அப்பாயி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. பின்னால் வருகிற பிள்ளைதான் வயிற்றில் முதலில் தங்கியது, ஆகவே கீர்த்திகாதான் மூத்தவள் என்பது அவர் கட்சி. இரண்டுக்கும் மருத்துவப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒன்பது வருடமாக இது ஒரு விவகாரம். பலகாரத் தட்டு யாருக்கு முதலில் என்பதுவரை போகும்.

பிறந்த கதையில் எனக்கு வேண்டியிருந்தது எடை. கீர்த்தனா 2.3 கிலோ, கீர்த்திகா 1.7. இருவருக்கும் பொதுவாக ஒரே நஞ்சுக்கொடி இருந்ததாக மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்தது. அப்படியானால் இவர்கள் அநேகமாக ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், மரபணு ஒன்றேதான். அப்படி இருந்தும் அறுநூறு கிராம் வித்தியாசம் எப்படி வந்தது என்று அம்மா இத்தனை வருடம் யாரிடமும் கேட்கவில்லை. “ஒண்ணு வயித்துலயே கெட்டிக்காரி, எல்லாத்தையும் சாப்பிட்டுருச்சு” என்று உறவினர் யாரோ சொன்னதே வீட்டின் விளக்கமாக நின்றுவிட்டது. உண்மையில் நஞ்சுக்கொடியில் இரு குழந்தைகளுக்கும் சமமான பங்கு அமையும் என்ற உறுதி இல்லை. கொடி எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, இரத்தக் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்பதைப் பொறுத்து ஒருத்திக்குக் குறைவாகப் போகும். அதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. 1.7 கிலோக்காரி பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். அப்போது ஒட்டிய ‘பாவம், அவளுக்கு முடியாது’ என்ற எண்ணம், எடை சரியாகிப் பல வருடம் ஆகியும் உதிரவில்லை.

எடை குறைவாகப் பிறந்த பிள்ளை என்பதால் வேறு எதையும் தொடங்குமுன் பார்வை, செவித்திறன், வாசிப்புத்திறன் மூன்றையும் பார்க்கச் சொன்னேன். மூன்றிலும் குறை இல்லை. இதைத் தவிர்க்கக் கூடாது. ஒப்பீட்டின் வலி என்று நாம் நினைப்பது சில சமயம் கரும்பலகை தெரியாத வலியாக இருக்கும்.

அடுத்து அம்மாவிடம் ஒரு வேலை கொடுத்தேன். கீர்த்தனாவைப் பற்றி ஐந்து நிமிடம், பிறகு கீர்த்திகாவைப் பற்றி ஐந்து நிமிடம், மனதில் தோன்றுவதைப் பேச வேண்டும். நான் குறுக்கிட மாட்டேன், குறிப்பு மட்டும் எடுப்பேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் முறை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஒரே கருவில் பிரிந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளைகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அம்மாக்களை இப்படித்தான் பேசவிட்டார்கள். எந்தப் பிள்ளையைப் பற்றி அம்மா கசப்போடும் ஒட்டுதல் குறைவாகவும் பேசினாரோ, அந்தப் பிள்ளையிடமே ஏழு வயதில் முரட்டு நடத்தை கூடுதலாக இருப்பதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். மரபணுவும் வீடும் ஒன்றாக இருந்தும் இந்த வித்தியாசம் வந்தது என்பதால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அம்மா கீர்த்தனாவைப் பற்றிப் பேசிய ஐந்து நிமிடத்தில் தங்கையின் பெயர் இரண்டு முறை வந்தது. கீர்த்திகாவைப் பற்றிப் பேசிய ஐந்து நிமிடத்தில் அக்காவின் பெயர் பதினொரு முறை. “அவ அளவுக்கு வராது”, “அவ மாதிரி உக்காந்து படிக்க மாட்டா”, “இவளுக்கு வாய் ஜாஸ்தி, அவ அமைதி”. அம்மாவுக்குக் கீர்த்திகாமேல் பாசம் குறைவு என்று ஒரு நொடியும் தோன்றவில்லை. சொல்லும்போது கண் கலங்கினார். ஆனால் கீர்த்திகாவை வர்ணிக்க அவரிடம் தனியாக ஒரு சொல்கூட இல்லை. அக்காவை அளவுகோலாக வைத்து, அதில் எவ்வளவு குறைகிறது என்று மட்டுமே சொல்ல முடிந்தது. குறிப்பைப் படித்துக் காட்டியதும் அவர் வெகுநேரம் பேசவில்லை.

பிறகு மதிப்பெண் ஏட்டைத் திறந்தோம். ‘ரொம்பப் பின்தங்கியிருக்கா’ என்று வீடும் பள்ளியும் சொன்னதை எண்ணிலேயே பார்த்துவிடலாம் என்றேன். கணக்கில் கடைசி ஆறு தேர்வு, ஒவ்வொன்றும் ஐம்பதுக்கு. கீர்த்தனா 44, 39, 46, 41, 47, 41. கீர்த்திகா 41, 40, 38, 43, 39, 39. சராசரி 43-ம் 40-ம். அதாவது அக்கா தங்கை இடைவெளி மூன்று மதிப்பெண். கீர்த்தனாவின் சொந்த ஏற்ற இறக்கமோ 39-இலிருந்து 47 வரை எட்டு மதிப்பெண். தனக்கும் தனக்கும் உள்ள வித்தியாசமே தங்கையோடு உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. ஆறில் இரண்டு தேர்வில் கீர்த்திகா முன்னால் இருந்திருக்கிறாள். அந்த இரண்டையும் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. கீர்த்திகாவுக்கே நினைவில்லை.

இரட்டையர் அல்லாத உடன்பிறந்தாரை வைத்து அமெரிக்காவில் 2015-இல் வந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். இரு பிள்ளைகளில் யார் படிப்பில் கெட்டி என்று பெற்றோர் நம்பினார்களோ, அந்த நம்பிக்கையை ஒட்டியே பின்னாளில் மதிப்பெண் இடைவெளி அமைந்தது. அந்த நம்பிக்கைக்கோ முந்தைய மதிப்பெண்களில் பெரிய ஆதாரம் இல்லை. மூத்த பிள்ளைதான் கெட்டி என்று நினைத்தவர்களே அதிகம். மூன்று நிமிட மூப்புக்கும் இது செல்லுபடியாகிறது போலும்.

இதுவரை நானும் சீட்டில் இருந்த பெயரையே தொடர்ந்துகொண்டிருந்தேன். கீர்த்தனாவைத் தனியாகப் பார்த்தது மூன்றாவது வாரம்தான். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், அது என் பிசகு. சாதுவான பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில். இரவு தூக்கம் வர நேரமாகிறது, ஞாயிற்றுக்கிழமை வயிறு வலிக்கிறது என்று அம்மா ஓரிரு வரி சொல்லியிருந்தார். பத்து கணக்கு வாயால் கேட்டேன், பத்தும் சரி. பிறகு தங்கையையும் உள்ளே அழைத்து, இருவருக்கும் அதே மாதிரிப் பத்து கணக்கைத் தாளில் கொடுத்தேன். கீர்த்தனாவுக்கு மூன்று தப்பு.

தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு எட்டு என்ற கணக்குக்கு விடை 54 என்று இருந்தது. நான்கின் கீழே ரப்பரால் அழித்த பள்ளம். அந்தப் பள்ளத்தின் வடிவம் ஆறு. முதலில் 56 என்று சரியாக எழுதி, பிறகு அழித்துத் தப்பாக்கியிருக்கிறாள். மற்ற இரண்டிலும் அதே கதை. தங்கை வெளியே போனதும் கேட்டேன். தாளைப் பார்த்தபடியே சொன்னாள்: “அவ அழுவா ஆன்ட்டி. அவ அழுதா அம்மா என்னைத்தான் பாப்பாங்க.”

கவனக்குறைவாலும் பிள்ளைகள் சரியான விடையை அழித்துத் தப்பாக எழுதுவதுண்டு. இரண்டையும் பிரித்தறிய, தனியாக இருக்கும்போதும் உடன்பிறந்தவர் பக்கத்தில் இருக்கும்போதும் ஒரே கடினத்தில் கணக்குக் கொடுத்து, இரண்டு மூன்று முறை வெவ்வேறு நாளில் பார்க்க வேண்டும். நான் மூன்று நாள் பார்த்தேன். தனியாக ஒரு தப்பும் இல்லை, தங்கை அருகில் இருந்த மூன்று நாளும் அழித்த தடம் இருந்தது. அப்படியானால் ஏட்டில் இருந்த கீர்த்தனாவின் மதிப்பெண்களும் நம்பத்தக்கவையல்ல. உண்மையான இடைவெளி மூன்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். அதை அம்மாவிடம் மறைக்கவில்லை. இருவரும் சமம் என்று நிரூபிப்பது என் வேலை இல்லை.

இப்போது பிரச்சினையின் வடிவமே வேறாகிவிட்டது. ஒருத்தி கிழிக்கிறாள், மற்றவள் அழிக்கிறாள். கிழிப்பது எல்லோர் கண்ணிலும் படும். அழிப்பதைப் பார்த்து ‘நல்ல பிள்ளை’ என்பார்கள்.

செய்தவற்றில் எளிதானவை பள்ளியில். மதிப்பெண்ணை வாசிக்காமல், தாளை மடித்து வரிசை கலைத்துக் கொடுக்க ஆசிரியை ஒத்துக்கொண்டார். நாற்பது பிள்ளைகளுக்கும் அது நல்லது என்று அவரே சொன்னார். இடத்தை மாற்றி, ஒருவர் தாள் மற்றவருக்குத் தெரியாதபடி உட்காரவைத்தார். வீட்டில் மதிப்பெண் அட்டையை ஒருத்தியோடு ஒரு நாள், மற்றவளோடு மறுநாள் பார்ப்பது என்று வைத்தோம். பக்கத்தில் அவளுடைய சென்ற மாத அட்டை மட்டும் இருக்கலாம். கூப்பிடும் பெயரை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னதில் ஒருத்தி தனா ஆனாள், மற்றவள் திகா. பெரிய, சின்ன இரண்டும் நிறுத்தம். அப்பாயிதான் அதிக நாள் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரோடு தனியாக இருபது நிமிடம் என்று வைத்தது முதல் வாரமே சண்டையில் முடிந்தது. யார் முதலில்? வழக்கம்போலப் ‘பெரியவள்’ முதலில். ஒற்றைப்படைத் தேதி திகாவுக்கு, இரட்டைப்படை தனாவுக்கு என்று நாட்காட்டியில் எழுதி ஒட்டியபின் அடங்கியது. மாதம் 31-இல் முடிந்தால் திகாவுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் வரும் என்பதைத் தனா முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். அந்த நாளைப் பொது நாளாக்கினோம்.

அதிகம் தடுமாறியது திறமை விஷயத்தில். ‘தனித்தனி அடையாளம்’ என்று நான் சொன்னதை அம்மா உடனே செயலாக்கிவிட்டார், திகாவைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தார். “அவளுக்குப் படிப்பு, இவளுக்கு ஆட்டம்” என்று எதிர்வீட்டில் சொன்னது திகாவின் காதில் விழுந்தது. மூன்றே வாரத்தில் கால் வலி என்று நின்றுவிட்டாள். அவள் ஆட ஆசைப்பட்டதே இல்லை. அது ஆறுதல் பரிசு என்பது ஒன்பது வயதுக்கு நன்றாகவே புரியும். இரட்டையர் வீடுகளில் நான் மறுபடி மறுபடி பார்க்கும் தப்பு இது. ஒப்பீட்டை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குத் திறமையைப் பாகப்பிரிவினை செய்துவிடுகிறோம். படிப்பு ஒருத்தி பெயரில் பத்திரமாகிவிட்டால் மற்றவள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிடுகிறாள். பத்திரம் வாங்கியவளோ வேறு எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை.

வேறு வழியாக யோசித்தோம். சேர்ப்பதற்கு முன் பார்ப்பது. ஒரு வாரம், யாரும் சொல்லாமல் ஒவ்வொருத்தியும் தானாக எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறாள் என்று அப்பாவும் அம்மாவும் எழுதி வர வேண்டும். அம்மாவின் தாளில் அதிகம் இல்லை. அப்பாவின் தாளில் இருந்தது. அவருக்குச் சைக்கிள் கடை. திகா பள்ளி விட்டதும் கடைக்கு வந்து நிற்பாள், ‘தொந்தரவு’ என்று விரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வாரம் விரட்டாமல் பார்த்திருக்கிறார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் வரும் இடத்தை அவர் தேடுவதற்குள் அவள் விரல் வைத்துவிடுகிறாள். உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவியதும் ஒட்ட அவசரப்படுவதில்லை, விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, காய்ந்தபின்தான் ஒட்டுத்துண்டை வைக்கிறாள். “ரெண்டு வருசமா இருக்குற பையனுக்கே அந்தப் பொறுமை இல்ல மேடம்.” உட்கார்ந்து படிக்க மாட்டாள் என்று அம்மா சொன்ன அதே பிள்ளை. இந்தத் தடவை அப்பாவின் பேச்சில் தனாவின் பெயர் வரவே இல்லை.

கடையில் திகாவுக்கு வாரம் இரண்டு நாள், வேலையாக இல்லை, கற்றுக்கொள்ள. இதுவும் பத்திரமாகிவிடும் அபாயம் உடனே வந்தது. “ஒருத்தி கலெக்டர், ஒருத்தி மெக்கானிக்” என்று வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார். அதோடு, தானும் பஞ்சர் ஒட்ட வேண்டும் என்று தனா கேட்டாள். அம்மாவுக்குப் பயம், திகாவுக்கென்று கிடைத்த ஒன்றையும் இவள் பிடுங்கிவிடுவாளோ என்று. வரட்டும், ஆனால் வேறு நாளில் என்றேன். இரண்டு வாரம் வந்தாள், கை கறுப்பாகிறது என்று விட்டுவிட்டாள். தடுத்திருந்தால் அந்தக் கடை ஒரு வேலிபோட்ட நிலம் ஆகியிருக்கும். தனாவின் பட்டியலில் இருந்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. அப்பாயிக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது, அதுவும் ஆள் மாற்றி ஆள் குரல் மாற்றி. அமைதி என்று பெயர் வாங்கிய பிள்ளை.

அரையாண்டில் ஒரு சறுக்கல். தனா அழிப்பதை நிறுத்தியிருந்தாள், 48 வாங்கினாள். திகா 40. ஒரு சித்தி வீட்டுக்கு வந்து இரண்டையும் கேட்டு வாங்கி வாய்விட்டு ஒப்பிட்டார். அன்று இரவு திகா சாப்பிடவில்லை, தனா தாளை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னாள். உறவினரை மாற்ற முடியாது என்று ஒத்துக்கொண்டு, பெற்றோர் சொல்ல வேண்டிய பதிலை மட்டும் பழகினோம். “மார்க்கை அவங்கவங்ககிட்டயே கேட்டுக்கங்க சித்தி, அவங்க சொன்னா சொல்லட்டும்.” சிரித்துக்கொண்டே சொல்லலாம், ஆனால் பிள்ளைகள் காதுபடச் சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் சித்திக்குப் புரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த இரவுக்குப் பின் திகாவிடம் நான் தேடிய அறிகுறிகள் வேறு. சாப்பாடு ஒதுக்குவது நாள்கணக்கில் நீடிக்கிறதா, ‘நான் இல்லன்னா நல்லாருக்கும்’ என்ற வகைப் பேச்சு வருகிறதா, பிடித்த கடைக்கும் போக மறுக்கிறாளா என்று. மூன்றும் இல்லை. இருந்திருந்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன், நாட்காட்டியும் கையுமாக உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மார்ச்சில் அம்மாவை மறுபடி ஐந்து நிமிடம் பேசச் சொன்னேன். திகாவைப் பற்றிப் பேசும்போது தனாவின் பெயர் மூன்று முறை. ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் இடைவெளி தொடக்கத்தில் இருந்த மூன்றைவிடக் குறையவில்லை, ஆறாக இருந்தது. தாள் எதுவும் கிழியவில்லை.

ஐந்தாம் வகுப்பில் தனித்தனிப் பிரிவில் போடலாமா என்று பள்ளி கேட்டது. பிரித்தால் எல்லாம் சரியாகும் என்று ஆசிரியர்கள் பலர் நம்புகிறார்கள். இங்கிலாந்திலும் கனடாவின் கியூபெக்கிலும் ஆயிரக்கணக்கான இரட்டையரைப் பார்த்து 2018-இல் வந்த ஆய்வு, பிரிப்பதாலோ சேர்த்து வைப்பதாலோ படிப்பில் சொல்லத்தக்க வித்தியாசம் சராசரியாக இல்லை என்றது. பள்ளி தொடங்கும் வயதிலேயே பிரிக்கப்பட்ட ஒரே கரு இரட்டையரிடம் பதற்றமும் ஒதுங்கலும் கூடியதை 2004-இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. ஆகவே பொது விதி எதுவும் கைகொடுக்காது. இருவரையும் தனித்தனியே கேட்டேன். திகா உடனே சரி என்றாள். தனா, “அவ சரின்னா சரி” என்றாள். அந்தப் பதிலை நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஜூனில் பிரித்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து தனாவின் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. வகுப்பில் ஒருவரோடும் பேச்சில்லை. அதுவரை அவளுக்காக வாயாடியது, பென்சில் கடன் கேட்டது, சண்டைக்குப் போனது எல்லாம் திகாதான் என்பது திகா இல்லாதபோதுதான் தெரிந்தது. மறுபடி ஒரே வகுப்புக்கு மாற்றவில்லை. மதியச் சாப்பாடு மட்டும் ஒன்றாக, புங்கமரத்தடியில் என்று வைத்தோம். அம்மா இப்போது இரண்டு டப்பாவில் இரண்டு விதமாகக் கட்டுகிறார். இரண்டையும் நடுவில் வைத்து மாற்றி மாற்றித்தான் சாப்பிடுகிறார்களாம்.

அடுத்த மாதச் சந்திப்பு தனாவுக்கு மட்டும். திகாவையும் கூட்டிவரட்டுமா என்று அம்மா கேட்டார். அவளிடமே கேளுங்கள் என்றேன். அவளுக்கு அன்று கடையில் வேலை இருக்கிறதாம்.